விற்காமல் நிற்கும் டின்களுக்கு என்ன மதிப்பு?
உற்பத்தி அடக்க அறிக்கையில் தொடக்க இருப்பும் இறுதி இருப்பும்

மாதத்தின் கடைசி நாள். சிறிய கடலை எண்ணெய் ஆலை ஒன்றின் உரிமையாளர் கணக்கேட்டைத் திறக்கிறார். அந்த மாதம் எண்ணெய் ஆட்டி டின்னில் அடைத்த செலவு ரூ. 18,48,000. எண்ணெய் விற்று வந்த தொகை ரூ. 17,25,000. விற்பனைச் செலவு ரூ. 38,000. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ரூ. 1,61,000 நட்டம் என்று தோன்றுகிறது. ஆலை இரவும் பகலும் ஓடியது. கேட்ட விலையும் கிடைத்தது. பிறகு எப்படி நட்டம் வரும்?

உண்மையில் நட்டம் இல்லை. சென்ற மாதத்தில் மீந்த 90 டின்களோடு மாதம் தொடங்கியது. முடிவில் கிடங்கில் 150 டின்கள் நிற்கின்றன. செலவு செய்யப்பட்டது ஒரு டின் எண்ணிக்கைக்கு. விற்பனையானது வேறோர் எண்ணிக்கைக்கு. இவ்விரண்டையும் ஒப்பிடுமுன் நடுவில் நிற்கும் சரக்கிருப்பைக் கணக்கில் கொண்டுவர வேண்டும். இதற்குத்தான் உற்பத்தி அடக்க அறிக்கை. இதை எவ்வாறு தயாரிப்பது, முடிவுற்ற பொருள்களின் தொடக்க, இறுதி இருப்புகளை எந்த இடத்தில், எந்த விலையில் சேர்ப்பது என்பதை இந்த ஆலையின் ஒரு மாதக் கணக்கைக் கொண்டே பார்ப்போம். ஆலையும் அதன் எண்களும் விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்டவை. முறை எந்தச் சிறு தொழிலுக்கும் பொருந்தும்.

முதலில் எடைக் கணக்கு

ரூபாயைத் தொடுமுன் கிலோவையும் டின்னையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது. எடைக் கணக்கு தவறினால் பணக் கணக்கு ஒருபோதும் சரியாகாது.

மாதத் தொடக்கத்தில் ஆலையில் 5,000 கிலோ கடலைப் பருப்பு இருந்தது. மேலும் 18,000 கிலோ வாங்கப்பட்டது. முடிவில் 3,000 கிலோ மீதம். ஆகவே எக்ஸ்பெல்லருக்குள் போனது 20,000 கிலோ. அதிலிருந்து 8,400 கிலோ எண்ணெயும் 11,000 கிலோ புண்ணாக்கும் கிடைத்தன. இரண்டும் சேர்ந்து 19,400 கிலோ. குறையும் 600 கிலோ ஈரமும் தூசியுமாகக் கழிந்தது. நூற்றுக்கு மூன்று பங்கு. இந்த ஆலையில் இது வழக்கமான சேதாரம்.

8,400 கிலோ எண்ணெயை 15 கிலோ டின்களில் அடைத்தால் 560 டின்கள். தொடக்க இருப்பு 90 டின்களைச் சேர்த்தால் 650. விற்றவை 500. ஆகவே கிடங்கில் 150 டின்கள் இருக்க வேண்டும். இனி யாராவது கிடங்கிற்குள் சென்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஏட்டில் 150 என்றிருந்து, கிடங்கில் 140 மட்டுமே இருந்தால், அந்தப் பத்து டின்கள் ஒழுகினவா, களவு போயினவா, விற்பனைச் சீட்டு எழுதாமல் வெளியேறினவா என்று அன்றே தேட வேண்டும். அவற்றின் அடக்கத்தை மற்ற டின்களின் மேல் பரப்பி ஏற்றக் கூடாது. வழக்கமான சேதாரத்தை நல்ல சரக்கு சுமக்கலாம். வழக்கத்திற்கு மாறான இழப்பைத் தனியே இலாப நட்டக் கணக்கில் எழுத வேண்டும். இல்லையேல் ஒரு நாள் விபத்து, டின்னின் விலையாக மாறி நிலைத்துவிடும்.

செலவை அடுக்கும் வரிசை

எடைக் கணக்கு ஒத்துப்போன பின் செலவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்.

முதலாவது, பயன்படுத்திய மூலப்பொருள். இங்கே பலரும் கொள்முதல் தொகையை அப்படியே எழுதிவிடுகின்றனர். வாங்கியது வேறு, பயன்படுத்தியது வேறு. மூலப்பொருளுக்கும் தொடக்க இருப்பு, இறுதி இருப்பு உண்டு. வண்டி வாடகையும் ஏற்றுகூலியும் பருப்பின் விலையோடு சேரும். சரக்கு சேவை வரியில் உள்ளீட்டு வரவு எடுத்துக்கொண்டிருந்தால், அந்த வரித்தொகை அடக்கத்தில் சேராது. அது திரும்பக் கிடைக்கும் பணம்.

இரண்டாவது, ஆலைத் தொழிலாளரின் நேரடிக் கூலி. மூலப்பொருளும் கூலியும் சேர்ந்தது முதன்மை அடக்கம்.

மூன்றாவது, தொழிற்சாலை மேற்செலவுகள். நம் ஆலையில் மின்சாரம் ரூ. 45,000, தேய்மான உதிரிப் பாகங்களும் வடிதுணியும் ரூ. 15,000, மேற்பார்வையாளர் சம்பளம் ரூ. 22,000, கட்டட வாடகை ரூ. 18,000, இயந்திரத் தேய்மானம் ரூ. 20,000. மொத்தம் ரூ. 1,20,000. தேய்மானத்திற்குக் கையிலிருந்து பணம் போகாததால் அதை விட்டுவிடுவோர் உண்டு. எக்ஸ்பெல்லர் தேயாமல் எண்ணெய் வருவதில்லை என்பதால் அது அடக்கத்தின் பகுதியே.

நான்காவதாக ஒரு கழிவு வருகிறது. புண்ணாக்கு இந்தத் தொழிலின் உபபொருள். கிலோ 40 ரூபாய்க்கு விலைபோகிறது. சாக்குக்கும் வண்டிக்கும் ஒரு ரூபாய் போக, நிகரமாக 39 ரூபாய். இந்தத் தொகையைத் தனி வருமானமாகக் காட்டினால் எண்ணெயின் அடக்கம் பொய்யாக உயர்ந்து நிற்கும். ஆகவே செலவிலிருந்து கழிக்கிறோம். கழிக்க வேண்டியது அந்த மாதம் கிடைத்த 11,000 கிலோவுக்கும். அதில் கொஞ்சம் விற்காமல் கிடந்தாலும், அதே நிகர மதிப்பில் புண்ணாக்கு இருப்பாக அது கணக்கில் நிற்கும்.

இறுதியாக, எண்ணெய் அடைக்கும் டின்னின் விலையும், எண்ணெய்ப் பரிசோதனை, சரக்கறை எழுத்தர் சம்பளம் போன்ற உற்பத்தி சார்ந்த நிர்வாகச் செலவும் சேரும்.

மாத முடிவில் வடிகட்டாத எண்ணெய் தொட்டியில் தங்கியிருந்தால் அது முடிவுறாப் பொருள். அதன் தொடக்க இருப்பைத் தொழிற்சாலைச் செலவோடு கூட்டி, இறுதி இருப்பைக் கழிக்க வேண்டும். நம் ஆலையில் மாதக் கடைசியில் தொட்டி காலியாக இருந்ததால் அந்த வரி தேவைப்படவில்லை.

இப்போது அறிக்கை இவ்வாறு அமைகிறது:

பருப்பு, தொடக்க இருப்பு (5,000 கிலோ × ரூ. 96): 4,80,000
கூட்டுக: கொள்முதல் (18,000 கிலோ × ரூ. 103): 18,54,000
கூட்டுக: வண்டி வாடகை, ஏற்றுகூலி: 18,000
கழிக்க: பருப்பு, இறுதி இருப்பு (3,000 கிலோ × ரூ. 104): 3,12,000
பயன்படுத்திய மூலப்பொருள்: 20,40,000
கூட்டுக: நேரடிக் கூலி: 40,000
முதன்மை அடக்கம்: 20,80,000
கூட்டுக: தொழிற்சாலை மேற்செலவுகள்: 1,20,000
கழிக்க: புண்ணாக்கின் நிகர மதிப்பு (11,000 கிலோ × ரூ. 39): 4,29,000
தொழிற்சாலை அடக்கம்: 17,71,000
கூட்டுக: டின்கள் (560 × ரூ. 100): 56,000
கூட்டுக: உற்பத்தி சார்ந்த நிர்வாகச் செலவு: 21,000
உற்பத்தி அடக்கம் (560 டின்கள்): 18,48,000
கூட்டுக: முடிவுற்ற பொருள், தொடக்க இருப்பு (90 டின் × ரூ. 3,100): 2,79,000
கழிக்க: முடிவுற்ற பொருள், இறுதி இருப்பு (150 டின் × ரூ. 3,300): 4,95,000
விற்ற பொருள்களின் அடக்கம் (500 டின்கள்): 16,32,000
கூட்டுக: விற்பனை, விநியோகச் செலவு: 38,000
விற்பனையின் மொத்த அடக்கம்: 16,70,000
விற்பனை (500 டின் × ரூ. 3,450): 17,25,000
இலாபம்: 55,000

நட்டமாகத் தோன்றிய ரூ. 1,61,000 எங்கே போயிற்று? முடிவுற்ற பொருளின் இருப்பு ரூ. 2,79,000இலிருந்து ரூ. 4,95,000ஆக உயர்ந்திருக்கிறது. உயர்வு ரூ. 2,16,000. அதிலிருந்து ரூ. 1,61,000ஐக் கழித்தால் எஞ்சுவது ரூ. 55,000. பணம் காணாமற்போகவில்லை, எண்ணெயாக உருமாறிக் கிடங்கில் நிற்கிறது.

3,300 எங்கிருந்து வந்தது?

அறிக்கையின் உயிர்நாடி, இறுதி இருப்பிலுள்ள ஒரு டின்னின் விலை. உற்பத்தி அடக்கம் ரூ. 18,48,000ஐ இம்மாதம் உற்பத்தியான 560 டின்களால் வகுத்தால் ரூ. 3,300 வருகிறது. பழைய சரக்கு முதலில் விற்பனையாயிற்று என்ற முறைப்படி, சென்ற மாதத்து 90 டின்களும் போய்விட்டன. மீந்திருக்கும் 150உம் இம்மாதத்துச் சரக்கு. ஆகவே அவற்றுக்கு இம்மாத அடக்கமே பொருந்தும்.

இங்கே மூன்று தவறுகள் அடிக்கடி நிகழ்கின்றன.

முதல் தவறு, உற்பத்தியான 560க்குப் பதிலாக விற்பனையான 500ஆல் வகுப்பது. அப்போது ஒரு டின்னின் அடக்கம் ரூ. 3,696 ஆகிறது. விற்பனை விலையே 3,450 தானே! அடக்கம் விற்பனை விலையைத் தாண்டி நிற்கும்போதே வகுத்த எண் தவறு என்று ஐயுற வேண்டும். அந்த விலையில் இறுதி இருப்பைப் போட்டால் ரூ. 5,54,400, இலாபம் ரூ. 59,400 மிகையாகி, ரூ. 1,14,400 என்று காட்டும்.

இரண்டாவது தவறு, இருப்பை விற்பனை விலையில் மதிப்பிடுவது. 150 டின்களை 3,450இல் எழுதினால் இலாபம் ரூ. 22,500 கூடும். இன்னும் விற்காத சரக்கின் மேல் இன்றே இலாபம் எடுத்துக்கொண்டதாகும் அது. அடுத்த மாதம் அந்த டின்கள் விற்கும்போது எடுக்க இலாபம் எதுவும் மீந்திராது.

மூன்றாவது தவறு, விற்பனைச் செலவையும் வங்கிக் கடன் வட்டியையும் டின்னின் அடக்கத்தில் ஏற்றுவது. கடைக்கு அனுப்பும் வண்டி வாடகை, விற்பனைத் தரகு ஆகியவை விற்ற டின்களுக்கு மட்டுமே உரியவை. கிடங்கை விட்டுப் புறப்படாத டின் அவற்றைச் சுமக்க இயலாது. ரொக்கக் கடன் வட்டி உண்மையான செலவே; ஆனால் அதன் இடம் இலாப நட்டக் கணக்கு.

பழைய சரக்கும் புதிய சரக்கும் ஒரே அடுக்கில் கலந்து போகும் ஆலைகளில் எடையிட்ட சராசரியையும் பயன்படுத்தலாம். நம் ஆலையில் 90 பழைய டின்களின் ரூ. 2,79,000ஐயும் 560 புதிய டின்களின் ரூ. 18,48,000ஐயும் கூட்டி 650ஆல் வகுத்தால், டின் ஒன்றுக்குச் சுமார் ரூ. 3,272. இந்தியப் பட்டயக் கணக்கர் கழகத்தின் 2ஆம் கணக்கியல் தரநிலை இவ்விரு முறைகளையும் ஏற்கிறது. ஆனால் எதைத் தேர்ந்தாலும் மாதாமாதம் அதையே பின்பற்ற வேண்டும். இலாபம் வேண்டிய மாதத்திற்கு ஒரு முறை, வரி குறைய வேண்டிய மாதத்திற்கு வேறொரு முறை என்று மாற்றிக்கொண்டால் எந்த மாதத்தையும் எந்த மாதத்தோடும் ஒப்பிட முடியாமற்போகும்.

அதே தரநிலை இன்னொரு வரம்பையும் வைக்கிறது: சரக்கிருப்பை அடக்க விலையிலோ, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலையிலோ, எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும். எண்ணெய்ச் சந்தை திடீரெனச் சரிந்து ஒரு டின் ரூ. 3,200க்கு வந்துவிட்டதாகக் கொள்வோம். விற்பனைச் செலவு டின்னுக்கு ரூ. 76 போனால் நிகரம் ரூ. 3,124. அப்போது 150 டின்களை 3,300இல் வைத்திருக்க முடியாது. 3,124இல் எழுதி, ரூ. 26,400 நட்டத்தை இந்த மாதமே ஏற்க வேண்டும்.

சராசரிக்குள் மறைந்திருக்கும் ஆபத்து

இனி இந்த அறிக்கை உரிமையாளருக்குச் சொல்லும் முதன்மையான செய்திக்கு வருவோம். மாத முடிவில் மொத்த வியாபாரி ஒருவர் வந்து, டின் 3,350 ரூபாய்க்கு 300 டின்கள் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரலாமா?

உரிமையாளர் அறிக்கையின் கடைசி வரிகளைப் பார்க்கிறார். விற்பனையின் மொத்த அடக்கம் ரூ. 16,70,000, விற்றது 500 டின்கள், டின்னுக்கு ரூ. 3,340. 3,350க்கு விற்றால் பத்து ரூபாய் மிஞ்சும் என்று கணக்கிட்டு ஒப்புக்கொள்கிறார். இங்கேதான் தவறு நேர்கிறது.

அந்த 3,340 இரண்டு வகைச் சரக்குகளின் சராசரி. விற்ற 500 டின்களில் 90 டின்கள், பருப்பு மலிவாக இருந்த சென்ற மாதத்தில் ரூ. 3,100 அடக்கத்தில் ஆனவை. விற்பனைச் செலவுக்கு முன், பழைய டின் ஒவ்வொன்றும் 350 ரூபாய் ஈட்டித் தந்தது. புதிய டின் ஈட்டியது 150 ரூபாய் மட்டுமே. பழைய 90 டின்கள் தந்தது ரூ. 31,500, புதிய 410 டின்கள் தந்தது ரூ. 61,500. அதாவது விற்பனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான பழைய சரக்கு, ஈட்டிய தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தந்திருக்கிறது. அந்த மலிவுச் சரக்கு தீர்ந்துவிட்டது. இனி வியாபாரிக்குத் தரப்போகும் ஒவ்வொரு டின்னும் ரூ. 3,300 அடக்கமும் ரூ. 76 விற்பனைச் செலவும் கொண்டது, மொத்தம் ரூ. 3,376. மூவாயிரத்து முந்நூற்றைம்பதுக்குத் தந்தால் டின்னுக்கு ரூ. 26 வீதம், 300 டின்களுக்கு ரூ. 7,800 குறைகிறது.

ஆகவே சென்ற மாதத்து இலாபத்தை அறிய விற்பனையின் மொத்த அடக்கத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த விலையைச் சொல்ல உற்பத்தி அடக்கத்தைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே தாளில் சில வரிகள் இடைவெளியில் இருக்கின்றன. நடுவே நிற்கும் தொடக்க இருப்பு, இறுதி இருப்பு என்னும் இரு வரிகளே அவற்றைப் பிரிக்கின்றன. விலை ஏறும் காலத்தில் பழைய சரக்கு இலாபத்தை அழகாக்கிக் காட்டும். விலை இறங்கும் காலத்தில் அதே பழைய சரக்கு, நன்றாக ஓடும் ஆலையையும் நட்டத்தில் ஓடுவதுபோல் காட்டும்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம் போன்றவை 300 டின்கள் கூடுதலாக ஆட்டினாலும் மாறாதவை. ஆலை சும்மா நிற்கும் காலமானால் அவற்றைத் தள்ளிவிட்டுக் குறைந்த விலைக்கும் ஒப்புக்கொள்ள இடமுண்டு. ஆனால் அது தெரிந்தே எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். பத்து ரூபாய் இலாபம் என்ற மயக்கத்தில் எடுத்ததாக இருக்கக் கூடாது.

வங்கிக்குத் தரும் இருப்பு அறிக்கை

சரக்கின் பேரில் ரொக்கக் கடன் பெற்றிருப்போர் மாதந்தோறும் இருப்பு அறிக்கை தருகின்றனர். அதில் எழுதப்படும் தொகை, நாம் மேலே கண்ட இறுதி இருப்புகளே. பருப்பு ரூ. 3,12,000, எண்ணெய் ரூ. 4,95,000, ஆக ரூ. 8,07,000. பருப்பு வாங்கிய வகையில் இன்னும் தர வேண்டிய பாக்கி ரூ. 2,07,000 என்றால், அதைக் கழித்து ரூ. 6,00,000. கடன் அனுமதிக் கடிதத்தில் விளிம்புத்தொகை நூற்றுக்கு 25 என்றிருந்தால், எடுக்கத்தக்க தொகை ரூ. 4,50,000. பணம் செலுத்தாத சரக்கு உங்கள் முதலீடு ஆகாது என்பதாலேயே பாக்கி கழிக்கப்படுகிறது.

500ஆல் வகுத்த தவறான விலையில் எண்ணெய் இருப்பை எழுதியிருந்தால், இந்தத் தொகை ரூ. 44,550 கூடியிருக்கும். அதுவும் எடுக்கப்பட்டிருக்கும். பின்னர் வங்கி அலுவலர் கிடங்கைப் பார்வையிட்டு, டின்களை எண்ணி, உற்பத்தி ஏட்டோடு ஒப்பிடும்போது அந்தக் கூடுதல் பணத்தை உடனே திருப்ப வேண்டி வரும். அதற்குள் அது பருப்பாகவோ கூலியாகவோ மாறியிருக்கும். காப்பீட்டிலும் இதே நிலைதான். இருப்பை மிகையாக மதிப்பிட்டால் கட்டணம் வீணாகும். குறைவாக மதிப்பிட்டால் தீ விபத்து நேரும்போது இழப்பீடும் அதே விகிதத்தில் குறையக்கூடும்.

நடைமுறை மூலதனக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் நிதி விவரப் படிவத்திலும், உற்பத்தி அடக்கம், கூட்டுக தொடக்க இருப்பு, கழிக்க இறுதி இருப்பு என்ற இதே வரிசைதான் காணப்படும். மாதந்தோறும் இந்த அறிக்கையைத் தயாரித்து வருவோருக்கு அந்தப் படிவத்தை நிரப்புவது பன்னிரண்டு தாள்களைக் கூட்டும் வேலை மட்டுமே. அப்படிக் கூட்டும்போது ஓர் ஐயம் எழலாம்: ஆண்டின் தொடக்க இருப்பு எது? முதல் மாதத்துத் தொடக்க இருப்பே. ஆண்டின் இறுதி இருப்பு, கடைசி மாதத்து இறுதி இருப்பு. இடையிலுள்ள பதினொரு மாதங்களின் இருப்புகளையும் கூட்டிவிட்டால் கணக்கு குழம்பும். ஏனெனில் ஒரு மாதத்தின் இறுதி இருப்பே அடுத்த மாதத்தின் தொடக்க இருப்பு.

அந்த உரிமையாளர் புதிய மாதத்தின் தாளை எடுக்கும்போது முடிவுற்ற பொருளின் தொடக்க இருப்பாக எழுத வேண்டியது இதுதான்: 150 டின், டின்னுக்கு ரூ. 3,300, மொத்தம் ரூ. 4,95,000. சென்ற தாளின் எண்ணோடு இது ஒரு ரூபாய்கூட மாறாமல் ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போக வேண்டும்.